நூலகர் பணிக்கு எந்தச் சான்று?

'நூலகர் தேவை' என்ற விளம்பரங்களைச் சில மாதங்கள் தொடர்ந்து சேர்த்துவைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஊர்ப்புற நூலகத்துக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு நூலக அறிவியல் சான்றிதழ் கேட்கும். பள்ளிக்கூடம் பி.எல்.ஐ.எஸ். கேட்கும். கல்லூரி எம்.எல்.ஐ.எஸ். கேட்கும், அதோடு நில்லாமல் நெட் தேர்ச்சியும் கேட்கும். பணியின் பெயர் எல்லா இடத்திலும் நூலகர்தான். ஆனால் ஒரு வாசலுக்கு வாங்கிய சான்று அடுத்த வாசலில் செல்லாது. ஆறு மாதச் சான்றிதழ் படிப்பை முடித்துவிட்டுக் கேந்திரிய வித்யாலயாவுக்கு விண்ணப்பிப்பவர்களும், முதுகலையில் 54 சதவீதம் வாங்கிவிட்டுக் கல்லூரி வேலையை எதிர்பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பில் குறையில்லை. படிப்பில் சேரும் முன் எந்தப் பணிக்கு எந்தத் தாள் என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அது சென்னையிலேயே தொடங்குகிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். இங்கிலாந்தில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர், 1928-இல் உருவான சென்னை நூலகச் சங்கத்தின் வழியாக 1929-இல் ஒரு கோடைக்காலப் பயிற்சியைத் தொடங்கினார். முடித்தவர்களுக்குக் கிடைத்தது சான்றிதழ். 1931-இல் பல்கலைக்கழகமே அந்தப் பயிற்சியை ஏற்றுக்கொண்டது. 1937-இல் அது பட்டதாரிகளுக்கான ஓராண்டு டிப்ளமோவாக வளர்ந்தது. பிறகு 1960-களில் அந்த டிப்ளமோவின் இடத்தில் இளநிலைப் பட்டம் வந்தது.

பி.எல்.ஐ.எஸ். மற்ற இளநிலைப் பட்டங்களைப் போல இல்லாததற்கு இதுவே காரணம். பிளஸ் டூ முடித்தவுடன் சேர்கிற மூன்றாண்டுப் படிப்பு அல்ல அது. பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். என்று ஏதாவது ஒரு பட்டம் கையில் இருப்பவர்கள் அதற்குப் பிறகு ஓராண்டு படிப்பது. எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் சேரலாம். அதன் மேல் இன்னும் ஓராண்டு படித்தால் எம்.எல்.ஐ.எஸ். இன்று பல பல்கலைக்கழகங்கள் இரண்டையும் சேர்த்து இரண்டாண்டு ஒருங்கிணைந்த முதுகலையாக நடத்துகின்றன. சான்றிதழ் படிப்பும் மறையாமல் நிற்கிறது. பொது நூலகத் துறையின் அடித்தளப் பணிகளுக்கு அது பயன்படுகிறது. ஒன்று வந்தபோது முந்தையது போகவில்லை. அதனால்தான் ஒரே துறையில் சான்றிதழ், டிப்ளமோ, இளநிலை, முதுகலை நான்கும் அருகருகே நிற்கின்றன. அறிவிப்புகளிலும் நான்கும் கலந்து வருகின்றன.

முதலில் பள்ளியைப் பார்ப்போம். கேந்திரிய வித்யாலயாவின் நூலகர் பணிக்கான தகுதி இந்த வரலாற்றை அப்படியே சுமந்துகொண்டிருக்கிறது. நூலகம் மற்றும் தகவல் அறிவியலில் இளநிலைப் பட்டம் வேண்டும். அல்லது ஏதாவது ஒரு பட்டத்தோடு, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் படித்த ஓராண்டு நூலக அறிவியல் டிப்ளமோ வேண்டும். கூடவே இந்தியிலும் ஆங்கிலத்திலும் வேலைக்குத் தேவையான அளவு பழக்கம் வேண்டும். பி.எட். கேட்பதில்லை, ஆசிரியர் தகுதித் தேர்வும் கேட்பதில்லை. ஊதிய அட்டவணையில் ஏழாம் நிலை, அதாவது அடிப்படை ஊதியம் 44,900 ரூபாயில் தொடங்கும் பணி. அங்கே பட்டதாரி ஆசிரியர்களுக்கும் இதே நிலைதான். ஆறு மாதச் சான்றிதழ் இந்தப் பணிக்குப் போதாது என்பது விதியைப் படித்தாலே தெரியும். பட்டம் பெற்றவராகவே இருந்தாலும், கையில் இருக்கும் நூலகப் படிப்பு ஆறு மாதச் சான்றிதழ் மட்டும் என்றால் ஓராண்டு டிப்ளமோவின் இடத்தில் அதை வைக்க முடியாது.

நவோதயா பள்ளிகளின் விதியும் ஏறக்குறைய இதுவே. தமிழ்நாட்டில் அந்தப் பள்ளிகள் இல்லை, புதுச்சேரியில் உண்டு. தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் பெரும்பாலும் பி.எல்.ஐ.எஸ்.-ஐயே கேட்கின்றன. தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் நிலைமை வேறு. பெரும்பாலான பள்ளிகளில் நூலகப் பொறுப்பைப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியரே கூடுதலாகப் பார்த்துக்கொள்கிறார். இந்தியாவிலேயே முதன்முதலில், 1948-இல், பொது நூலகச் சட்டம் இயற்றிய மாகாணத்தில் பள்ளிக்கூட நூலகத்துக்கென்று முழுநேர ஆள் இல்லாதது வருத்தம் தருவது. பீரோவின் சாவி தலைமையாசிரியர் அறையில் தொங்கும் பள்ளிகளில், வாங்கிய புத்தகங்கள் பிள்ளைகளின் கைக்குப் போவதே அரிது.

இந்த ஓராண்டில் அப்படி என்ன கற்றுத்தருகிறார்கள், புத்தகத்தை அடுக்கிவைப்பதற்கு ஒரு பட்டமா என்று கேட்பவர்கள் உண்டு. ஓர் எடுத்துக்காட்டில் இது விளங்கிவிடும். தமிழ்நாட்டுக் கோயில் கட்டடக்கலை பற்றி ஒரு நூல் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி இல்லாதவர் அதைச் சமயம் என்ற அலமாரியில் வைப்பார், அல்லது வரலாறு என்ற அலமாரியில். இன்னொரு நாள் இன்னொருவர் அதே பொருளில் வரும் வேறொரு நூலைக் கலை என்ற அலமாரியில் வைப்பார். தேடி வரும் மாணவிக்கு மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும்.

டூயி தசம வகைப்பாட்டைக் கற்றவர் இப்படி யோசிப்பார். நூலின் மையப் பொருள் கட்டடம். சமயக் கட்டடங்களுக்கு 726. அதில் கோயில்களுக்கு 726.1. எந்தச் சமயம்? சமயங்களின் வரிசையில் இந்து சமயம் 294.5, அதில் முதலில் வரும் 29-ஐ நீக்கிவிட்டு மீதமுள்ள 45-ஐ ஒட்டவேண்டும் என்பது விதி. ஆக 726.145. இனி இடம். ஒரு பொருளைக் குறிப்பிட்ட இடம் சார்ந்து பேசும் நூலுக்கு 09 என்ற இணைப்பு. தமிழ்நாட்டின் இட எண் 5482. எல்லாம் சேர்ந்து 726.145095482. கேரளக் கோயில்கள் பற்றிய நூல் வந்தால் கடைசியில் உள்ள இட எண் மட்டும் மாறும்; இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். சிறிய பள்ளி நூலகத்தில் இவ்வளவு நீளமான எண் தேவைப்படாது, 726.145 என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யவும் எண் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்திருக்கவேண்டும்.

பி.எல்.ஐ.எஸ்.-இல் செய்முறைத் தாள் இதற்காகவே இருக்கிறது. தேர்வறையில் நூல்களின் தலைப்புகளைக் கொடுத்து எண் கட்டச் சொல்வார்கள். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் வகைப்பாட்டிலும் இதே பயிற்சி உண்டு. அடுத்து வருவது பட்டியலாக்கம்: ஒரு நூலின் ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, வெளியீட்டாளர், பக்கம் ஆகியவற்றை எந்த ஒழுங்கில், எந்த நிறுத்தக்குறியோடு பதிவது என்ற கலை. தொலைநிலையில் படிப்பவர்கள் பலர் இந்தச் செய்முறை வகுப்புகளைத் தவிர்த்துவிட்டு, தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மனப்பாடம் செய்கிறார்கள். பட்டம் கிடைத்துவிடும். ஆனால் முதல் வேலையில் சேர்ந்து, மேசை மேல் முந்நூறு நூல்கள் குவிந்த அன்றைக்கு அந்தக் குறை வெளியே தெரிந்துவிடும். தொலைநிலையில் சேர்ந்தாலும் நேரடி வகுப்புகளை விடக்கூடாத படிப்பு இது என்பது என் உறுதியான கருத்து.

இனிக் கல்லூரி. இங்கே விதி ஒன்றுதான்: பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட ஒழுங்குமுறை. கல்லூரி நூலகருக்கும் பல்கலைக்கழக உதவி நூலகருக்கும் ஒரே தகுதி. நூலக அறிவியல், தகவல் அறிவியல் அல்லது ஆவணமாக்க அறிவியலில் குறைந்தது 55 சதவீதத்தோடு முதுகலை. தொடர்ந்து நல்ல கல்விப் பதிவும், நூலகத்தைக் கணினிமயமாக்கும் அறிவும். இவற்றோடு நெட், அல்லது யு.ஜி.சி. ஏற்பு பெற்ற மாநிலத் தேர்வான செட். யு.ஜி.சி.யின் 2009 அல்லது 2016 முனைவர் பட்ட ஒழுங்குமுறையின்படி பிஎச்.டி. பெற்றவர்களுக்கு நெட்டிலிருந்து விலக்கு உண்டு. இந்த ஒழுங்குமுறையின் ஊதிய அட்டவணையில் கல்லூரி நூலகரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். உதவிப் பேராசிரியருக்கும் அதே தொகை.

செட் தேர்ச்சி அந்தத் தேர்வை நடத்திய மாநிலத்துக்குள் மட்டும் செல்லும். நெட் நாடு முழுவதும் செல்லும். நெட்டில் நூலக அறிவியலின் பாட எண் 59. ஒரே அமர்வில், மூன்று மணி நேரத்தில், கணினி வழியே இரண்டு தாள்கள். முதல் தாள் எல்லாப் பாடத்தினருக்கும் பொது: கற்பித்தல் திறன், தர்க்கம், தரவு விளக்கம் போன்றவற்றில் 50 கேள்விகள், 100 மதிப்பெண். இரண்டாம் தாள் நூலக அறிவியலில் 100 கேள்விகள், 200 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும் என்பதால், தமிழ் வழியில் படித்தவர்கள் கலைச்சொற்களின் ஆங்கில வடிவத்தையும் கூடவே பழகிக்கொள்ளவேண்டும். எம்.எல்.ஐ.எஸ். இறுதியாண்டில் இருப்பவர்களும் எழுதலாம். நெட் முடிவு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முதுகலையைத் தேவையான சதவீதத்தோடு முடித்துவிடவேண்டும்.

தேர்ச்சி முறையைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பொதுப்பிரிவினர் இரண்டு தாள்களும் சேர்ந்து 40 சதவீதமும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் 35 சதவீதமும் எடுத்தாகவேண்டும். 300-க்கு அது முறையே 120, 105. இந்த எல்லையைத் தாண்டினால் தேர்ச்சி என்று பொருளல்ல. பரிசீலனைக்கு வருகிறீர்கள் என்றுதான் பொருள். இரண்டு தாள்களும் எழுதியவர்களில் 6 சதவீதம் பேரே தகுதி பெறுவார்கள். அந்த இடங்கள் பிரிவுவாரியாகவும் பாடவாரியாகவும் பங்கிடப்படும். எனவே உண்மையான வெட்டு மதிப்பெண் ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு பிரிவுக்கும் மாறும். 120-க்கு வெகு மேலேதான் அது பெரும்பாலும் நிற்கும்.

இவையெல்லாம் ஒருவருடைய வாழ்க்கையில் எப்படிச் சேர்ந்து வருகின்றன என்று ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்து, தாள் தாளாகப் பார்ப்போம். தேனி மாவட்டத்துப் பெண் ஒருவர். மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. கணிதத்தில் பி.எஸ்சி. முடித்தார். தொலைநிலையில் பி.எல்.ஐ.எஸ். படித்து, தனியார் பள்ளி ஒன்றில் நூலகராகச் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே எம்.எல்.ஐ.எஸ். எழுதினார். பத்துத் தாள்கள், 1000 மதிப்பெண். அவர் வாங்கியது 546.

அதாவது 54.6 சதவீதம். அதை 55 ஆக முழுமையாக்கிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்தால் அங்கேயே தவறு தொடங்கும். நெட் அறிவிப்பில் சதவீதத்தை முழுமையாக்கக்கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. பொதுப்பிரிவில் விண்ணப்பித்தால் நான்கு மதிப்பெண் குறைவால் அவருக்குத் தகுதியில்லை. எம்.எல்.ஐ.எஸ். ஓராண்டுப் படிப்பு என்பதால் ஒவ்வொரு தாளின் எடையும் அதிகம். திட்டக் கட்டுரையை அவசரமாக எழுதிக்கொடுத்ததில் போன நான்கு மதிப்பெண் இங்கே வந்து நிற்கிறது. பட்டம் கைக்கு வந்த பிறகு அதைத் திருத்துவது எளிதல்ல.

அவருக்கு இன்னொரு வழி இருக்கிறது. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு முதுகலையில் 50 சதவீதம் போதும். தன்னிடம் நிரந்தரச் சாதிச் சான்றிதழ் இருக்கிறதே என்று அவர் அந்தக் கட்டத்தில் டிக் அடித்துவிடலாம். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் தவறும் இடம் இது. நமது மாநில இட ஒதுக்கீட்டில் வருமான வரம்பு கிடையாது, பி.சி., எம்.பி.சி. என்று எழுதிய சாதிச் சான்றே போதும். நெட் மத்தியத் தேர்வு. அங்கே ஓ.பி.சி. என்றால் மத்தியப் பட்டியலில் அந்தச் சாதியின் பெயர் இருக்கவேண்டும். அவர் வளமான பிரிவைச் சேர்ந்தவராகவும் இருக்கக்கூடாது. இதற்கென்று மத்திய அரசு வடிவத்தில் வட்டாட்சியர் தரும் தனிச் சான்று ஒன்று இருக்கிறது. இ-சேவை மையத்தில் அதற்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும்.

வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் என்பதைப் பார்த்தவுடன் திருமணமான பெண்கள் சிலர் கணவருடைய சம்பளத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, தங்களுக்கு இது கிடைக்காது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். விதி அப்படி இல்லை. பார்க்கப்படுவது பெற்றோரின் நிலை. கணவரின் வருமானம் கணக்கில் வராது. அந்த 8 லட்சத்திலும் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேர்வதில்லை. பெற்றோர் அரசுப் பணியில் எந்த நிலையில் சேர்ந்தார்கள் என்பது தனியாகப் பார்க்கப்படும். நம் பெண்ணின் தந்தை இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி என்றால், அவருக்குச் சான்று கிடைப்பதில் விதிப்படி தடையில்லை. அந்தச் சான்றை நெட் விண்ணப்பம் திறக்கும் முன்பே வாங்கிவைத்திருந்தால், அவர் 50 சதவீத வரம்புக்குள் தகுதி பெறுகிறார். தேர்விலும் 105-ஐ அடிப்படை எல்லையாகக் கொண்டு ஓ.பி.சி. பிரிவில் போட்டியிடுகிறார்.

இந்த இடத்தில் அவருடைய பழைய தாள்களையும் ஒருமுறை பார்க்கவேண்டும். தொலைநிலையில் படித்த பி.எல்.ஐ.எஸ்., எம்.எல்.ஐ.எஸ். பட்டங்கள் செல்லுமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. முறையாக ஒப்புதல் பெற்ற நிறுவனத்தில் படித்திருந்தால், நேரில் படித்த பட்டத்துக்கு இணையாகவே யு.ஜி.சி. அதைக் கருதுகிறது. பெரிய பல்கலைக்கழகம் என்பதற்காக எல்லாப் படிப்புக்கும் எல்லா ஆண்டும் ஒப்புதல் இருந்திருக்கும் என்று நினைக்கக்கூடாது. ஒப்புதல் படிப்புவாரியாக, கல்வியாண்டுவாரியாகக் கொடுக்கப்படுகிறது. நீங்கள் சேர்ந்த ஆண்டில், நீங்கள் சேர்ந்த அதே படிப்புக்கு ஒப்புதல் இருந்ததா என்பதுதான் கேள்வி. யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் deb.ugc.ac.in தளத்தில் இதைப் பார்த்துக்கொள்ளலாம். 2024 முதல் தொலைநிலையில் சேரும் மாணவர்கள் டெப் ஐடி என்ற எண்ணை எடுத்தாகவேண்டும். ஒப்புதல் இல்லாத படிப்பில் தெரியாமல் மாட்டிக்கொள்வது இதனால் ஓரளவு குறையும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்கு வெளியே மையம் நடத்தவும் அனுமதியில்லை. வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரில், உங்கள் ஊர்க் கடைத்தெருவில் மாடியில் இயங்கும் மையத்தில் பணம் கட்டும் முன் இந்த விதியை நினைவில் வைக்கவேண்டும்.

பட்டங்களின் வரிசையும் முக்கியம். பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் படிக்காமல் திறந்தநிலையில் நேரடியாக வாங்கிய பட்டத்தைப் பொதுப் பணிக்கு ஏற்பதில்லை என்பதைத் தமிழக அரசு 2009-இல் ஆணையாகவே வெளியிட்டது. பத்து, பிளஸ் டூ, மூன்றாண்டுப் பட்டம், அதன் மேல் நூலகப் படிப்பு என்ற படிக்கட்டில் ஒரு படி விட்டுப்போயிருந்தாலும், மேலே இருக்கும் எம்.எல்.ஐ.எஸ். அதை ஈடுகட்டாது.

இரண்டாண்டு ஒருங்கிணைந்த முதுகலை படித்தவர்களுக்கு வேறொரு சிக்கல். அவர்களிடம் எம்.எல்.ஐ.எஸ். இருக்கும், தனியாக பி.எல்.ஐ.எஸ். பட்டச் சான்று இருக்காது. கல்லூரிப் பணிக்கு இது ஒரு பொருட்டே இல்லை, ஏனெனில் அங்கே கேட்பது முதுகலையை. பள்ளிப் பணியின் அறிவிப்போ இளநிலைப் பட்டம் என்று எழுதியிருக்கும். முதுகலை படித்தவருக்கு இளநிலை தெரியாதா என்று நமக்குத் தோன்றும். சான்று சரிபார்க்கும் அலுவலர் அறிவிப்பில் உள்ள சொல்லைத்தான் பார்ப்பார். முதலாண்டு முடிவில் இளநிலைப் பட்டம் தரும் ஏற்பாடு அந்தப் பல்கலைக்கழகத்தில் உண்டா என்பதைச் சேரும்போதே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. பள்ளி, கல்லூரி இரண்டு வாசலும் திறந்திருக்கவேண்டும் என்று நினைப்பவர்களுக்கு, தனித்தனியாக பி.எல்.ஐ.எஸ்., பிறகு எம்.எல்.ஐ.எஸ். என்று படிப்பதே பாதுகாப்பு என்பேன்.

நம் தேனிப் பெண்ணிடம் திரும்புவோம். அவர் நெட்டில் தேர்ச்சி பெற்றுவிட்டார் என்று கொள்வோம். மின்னணுச் சான்றைத் தேசியத் தேர்வு முகமையின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். உதவிப் பேராசிரியர் தகுதிக்கான அந்தச் சான்றுக்குக் காலாவதி இல்லை. அதற்கு எழுத வயது வரம்பும் இல்லை. அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் நூலகர் பணியிடம் காலியாகி, அவர் நேர்காணலுக்குப் போகிறார். தேர்வானாலும் வேலை அன்றே உறுதியாகிவிடாது. கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் அலுவலகம் தகுதிகளைச் சரிபார்த்து நியமனத்துக்கு ஒப்புதல் தந்தால்தான் அரசுச் சம்பளம். பட்டங்கள் உண்மையானவைதானா என்று பல்கலைக்கழகங்களுக்கு எழுதி உண்மைத்தன்மைச் சான்றும் பெறப்படும். மேலே சொன்ன ஓட்டைகளில் ஏதாவது ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வெளிப்படும். அதற்குள் அவர் பழைய வேலையை விட்டிருப்பார். சுயநிதிக் கல்லூரிகளில் எம்.எல்.ஐ.எஸ். மட்டும் உள்ளவர்களும் நூலகர்களாக வேலை பார்க்கிறார்கள். அந்த அனுபவம் பயன்படும். ஆனால் எத்தனை ஆண்டு அனுபவமும் நெட்டின் இடத்தை நிரப்பாது.

நேர்காணலில் அவரிடம் கேட்கக்கூடிய ஒன்று, ஒழுங்குமுறையில் உள்ள 'கணினிமயமாக்கும் அறிவு' என்பதிலிருந்து வரும். அதற்குத் தனிச் சான்றிதழ் எதுவும் யு.ஜி.சி. கேட்கவில்லை. சந்தையில் விற்கும் பொதுவான கணினிச் சான்றிதழ்கள் இங்கே பெரிதாக உதவுவதும் இல்லை. பல கல்லூரிகளில் இருப்பது கோஹா என்ற கட்டற்ற நூலக மென்பொருள். திரையைத் திறந்து, கையில் ஒரு நூலைக் கொடுத்து, இதைப் பதிவு செய்யுங்கள் என்பார்கள். ஐ.எஸ்.பி.என். எண் `020` புலத்தில் போகவேண்டும், டூயி எண் `082`-இல், ஆசிரியர் பெயர் `100`-இல், தலைப்பு `245`-இல். தொகுப்பாசிரியர் மட்டும் உள்ள கட்டுரைத் தொகுப்பைக் கொடுத்தால், அவர் பெயரை `100`-இல் இடாமல் `700`-இல் இடத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தமிழ்ப் பெயர்களில் முன்னெழுத்தை எங்கே வைப்பது என்பதும் ஒரு சோதனை: ஒரே எழுத்தாளரை ஒருவர் முன்னெழுத்தோடு தொடங்கி, இன்னொருவர் பெயரோடு தொடங்கிப் பதிந்திருந்தால், தேடும்போது அவர் இரண்டு ஆளாகப் பிரிந்துவிடுவார். பள்ளி நூலகத்தில் வேலை பார்த்த காலத்திலேயே கோஹாவை ஒரு பழைய கணினியில் நிறுவி, அங்கிருந்த நூல்களை ஏற்றிப் பழகியிருந்தால், இந்தப் பத்து நிமிடத்தில் அவர் திணறமாட்டார். கோஹாவுக்குக் கட்டணம் கிடையாது. லினக்ஸ் இயங்கும் சாதாரணக் கணினியே போதும்.